பேரியம் ஹைட்ராக்சைடின் pH கணக்கில் அந்த ‘இரண்டு’ எங்கே வர வேண்டும்?

கேள்வி: 0.01 மோலார் பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கு pH 12 என்று நான் போட்டேன், விடை 12.3 என்று இருக்கிறது. இரண்டு OH இருப்பதால் இரண்டால் பெருக்க வேண்டும் என்கிறார்கள். எதைப் பெருக்குவது? என் நண்பன் pOH-ஐயே இரண்டால் பெருக்குகிறான். பெருக்கக் கூடாத இடமும் உண்டா?

பதில்:

பெருக்க வேண்டியது செறிவை. அதுவும் ஹைட்ராக்சைடு அயனியின் செறிவைக் கண்டுபிடிக்கும் அந்த ஒரே படியில், மடக்கை எடுப்பதற்கு முன்னால், ஒரே ஒரு முறை. அதற்குப் பின் வரும் படிகளில் இரண்டு என்ற எண்ணுக்கு வேலையே இல்லை.

இதற்கான காரணம் திண்மப் பொருளிலேயே இருக்கிறது. பேரியம் ஹைட்ராக்சைடு படிகத்தில் Ba²⁺ அயனிகளும் அவற்றைப் போல் இரு மடங்கு OH⁻ அயனிகளும் முன்பே அயனிகளாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. நீர் அவற்றைப் பிரித்துக் கரைசலுக்குள் கொண்டுவருகிறதே தவிர, புதிதாக எதையும் உருவாக்குவதில்லை. ஆகவே பாஸ்பாரிக் அமிலத்தில் முதல் ஹைட்ரஜன் எளிதாகவும் இரண்டாவது அரிதாகவும் விடுபடுவது போன்ற படிநிலைக் கணக்கு இங்கே தேவைப்படுவதில்லை. கரைந்த ஒவ்வொரு மோலும் இரண்டு மோல் ஹைட்ராக்சைடைத் தருகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

Ba(OH)₂ → Ba²⁺ + 2 OH⁻

உங்கள் கணக்கில் காரத்தின் செறிவு 0.01 என்றால் [OH⁻] = 2 × 0.01 = 0.02 மோல்/லிட்டர். இதன் pOH = −log 0.02 = 1.70. வெப்பநிலை 25 °C எனக் கொண்டால் pH = 14.00 − 1.70 = 12.30. நீங்கள் 12 என்று எழுதியதில் மடக்கையும் கழித்தலும் சரியாகவே உள்ளன. ஆனால் நீங்கள் கணக்கிட்டது 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடின் pH.

நண்பர் செய்வது வேறு வகைப் பிழை, இன்னும் பெரியதும்கூட. அவர் 0.01-க்கு pOH = 2 என்று கண்டு, அதை இரண்டால் பெருக்கி 4 என்று வைத்து, pH 10 என்ற விடைக்கு வருகிறார். மடக்கையை இரண்டால் பெருக்குவது என்பது உள்ளே இருக்கும் எண்ணை வர்க்கப்படுத்துவதற்குச் சமம். 0.01-ஐ வர்க்கப்படுத்தினால் 0.0001 வருகிறது. அதாவது இரண்டு ஹைட்ராக்சைடு தருகிறது என்பதற்காக அவர் செய்த திருத்தம், ஹைட்ராக்சைடின் செறிவைக் கூட்டுவதற்குப் பதிலாக நூறு மடங்கு குறைத்துவிட்டது. உண்மையான 0.02-உடன் ஒப்பிட்டால் இருநூறு மடங்கு குறைவு. அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைவிடப் பேரியம் ஹைட்ராக்சைடுக்குக் குறைந்த pH ஒருபோதும் வராது என்பதை மனத்தில் வைத்தால், 10 என்ற விடையைப் பார்த்த உடனேயே ஒதுக்கிவிடலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஓர் எண் 0.30. இரண்டின் மடக்கை 0.301 என்பதால், செறிவு எதுவாக இருந்தாலும் ‘இரண்டை’ விட்டுவிட்டால் pH சரியாக 0.30 குறைந்து வரும். 0.05 மோலார் கரைசலுக்குச் சரியான விடை 13.00, இரண்டை மறந்தால் 12.70. 0.003 மோலார் கரைசலுக்குச் சரியான விடை 11.78, மறந்தால் 11.48. எனவே மாணவரின் விடை 0.30 குறைந்திருந்தால் அவர் இரண்டை விட்டுவிட்டார் என்றும், 0.30 கூடியிருந்தால் இரண்டு முறை பெருக்கிவிட்டார் என்றும், 0.60 குறைந்திருந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டார் என்றும் விடைத்தாளின் வழிமுறையைப் படிக்காமலே பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

தலைகீழ்க் கணக்கில்தான் வகுத்தல் சரியான செயலாகிறது. ஒரு பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலின் pH 12.00 என்று கொடுத்து அதன் செறிவைக் கேட்டால், pOH 2.00, ஆகவே [OH⁻] 0.01 மோல்/லிட்டர். இந்த ஹைட்ராக்சைடு அயனிகள் இரண்டிரண்டாக வந்தவை என்பதால் காரத்தின் செறிவு அதில் பாதி, 0.005 மோலார். பழக்கத்தில் இங்கேயும் இரண்டால் பெருக்கி 0.02 என்று எழுதுபவர்கள் நிறைய. pH-இலிருந்து நேரடியாகக் கிடைப்பது எப்போதும் அயனியின் செறிவுதான், சேர்மத்தின் செறிவு அன்று. எந்தத் திசையில் போகிறோம் என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொண்டால் போதும்.

பெருக்கக் கூடாத இடம் உண்டா என்று கேட்டீர்கள், உண்டு. செறிவு மோலாரிட்டியில் இல்லாமல் நார்மாலிட்டியில் கொடுக்கப்பட்டிருந்தால் பெருக்கக் கூடாது. பேரியம் ஹைட்ராக்சைடின் ஒரு மோல் இரண்டு சமானங்களைக் கொண்டது, ஆகவே 0.01 மோலார் கரைசலும் 0.02 நார்மல் கரைசலும் ஒன்றே. நார்மாலிட்டி என்ற அளவிலேயே அந்த இரண்டு அடங்கிவிட்டது. புட்டியின் மேல் 0.02 N என்று எழுதியிருந்தால் [OH⁻] 0.02 தான், pH 12.30 தான். அதைத் திரும்பவும் பெருக்கி 0.04 ஆக்கினால் pH 12.60 என்று, மேலே சொன்ன அதே 0.30 கூடுதலாக வந்து நிற்கும். நம் கல்லூரி ஆய்வகங்களில் M என்றும் N என்றும் எழுதப்பட்ட புட்டிகள் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது சாதாரணம் என்பதால், கணக்கைத் தொடங்குமுன் அந்த ஓர் எழுத்தைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது எடை. பாடநூல் வினாக்களில் 0.01 மோலார் என்று செறிவையே தந்துவிடுகிறார்கள், ஆனால் ஆய்வகத்தில் அதை நாமே தயாரிக்க வேண்டியிருக்கும். பேரியம் ஹைட்ராக்சைடு பெரும்பாலும் எட்டு மூலக்கூறு படிக நீருடன், Ba(OH)₂·8H₂O என்ற வெண்ணிறப் படிகமாகவே கிடைக்கிறது. நீரற்ற சேர்மத்தின் மோலார் நிறை 171.3 கிராம், படிக நீருடன் அது 315.5 கிராம். அந்தப் படிகத்தில் 1.58 கிராம் எடுத்துக் கரைத்து 500 மி.லி. ஆக்கினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். 1.58 ÷ 315.5 = 0.00501 மோல். அரை லிட்டரில் இது இருப்பதால் செறிவு 0.0100 மோலார், ஹைட்ராக்சைடு 0.0200, pH 12.30.

இப்போது ஒருவர் படிக நீரைக் கவனிக்காமல் 171.3-ஆல் வகுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 0.00922 மோல், அதாவது 0.0184 மோலார் கிடைக்கும். சரியாக இரண்டால் பெருக்கினால் 0.0369, pH 12.57. இது உண்மையைவிட 0.27 அதிகம். இதே ஆள் இரண்டால் பெருக்கவும் மறந்துவிட்டால்தான் வேடிக்கை. 0.0184-ஐ அப்படியே மடக்கை எடுத்தால் pOH 1.73, pH 12.27. சரியான விடையான 12.30-க்கு இது மிக அருகில் இருக்கிறது. படிக நீரை விட்டதால் ஏறிய 0.27-ஐ, இரண்டை விட்டதால் இறங்கிய 0.30 ஏறத்தாழ விழுங்கிவிட்டது. pH தாளைக் கொண்டு அளப்பவர் இந்த வேறுபாட்டைக் காணவே முடியாது, விடை பொருந்திவிட்டதென்று மகிழ்ந்து அடுத்த சோதனைக்குப் போய்விடுவார். எனவே பேரியம் ஹைட்ராக்சைடைப் பொறுத்தவரை, கடைசி எண் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து வழிமுறை சரி என்று முடிவு செய்யக் கூடாது. மோலார் நிறை எது, பெருக்கியது எங்கே என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்ன இடங்களில் இரண்டை மறப்பதன் விலை 0.30 மட்டுமே. அமிலத்துடன் கலக்கும் கணக்கில் அதன் விலை மிகப் பெரிது. 25 மி.லி. 0.01 மோலார் பேரியம் ஹைட்ராக்சைடுடன் 30 மி.லி. 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்க்கிறோம். இங்கே pH-களை வைத்துக்கொண்டு எதையும் கூட்டவோ கழிக்கவோ முடியாது, மோல்களில்தான் வேலை செய்ய வேண்டும். காரம் 0.25 மில்லிமோல், அதிலிருந்து வரும் ஹைட்ராக்சைடு 0.50 மில்லிமோல். அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி 0.30 மில்லிமோல். நடுநிலையாக்கம் முடிந்தபின் 0.20 மில்லிமோல் ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது. மொத்தக் கன அளவு 55 மி.லி., ஆகவே [OH⁻] = 0.20 ÷ 55 = 0.00364 மோல்/லிட்டர், pOH 2.44, pH 11.56.

இரண்டை மறந்தவர் 0.25 மில்லிமோல் காரம், 0.30 மில்லிமோல் அமிலம் என்று ஒப்பிட்டு, 0.05 மில்லிமோல் அமிலம் மிஞ்சுகிறது என்று முடிவு கட்டுவார். 55 மி.லி.-இல் அது 0.00091 மோல்/லிட்டர், அவருடைய pH 3.04. காரக் கரைசல் அவர் தாளில் அமிலக் கரைசலாகிவிட்டது. ஒரு துளி பினாப்தலீன் விட்டால் உண்மையான கலவை இளஞ்சிவப்பாகும், அவருடைய கணக்குப்படி நிறமற்றே இருக்க வேண்டும். கலவைக் கணக்கு எதுவானாலும் முதல் வரியில் காரத்தின் மோல்களை எழுதி, அதன் பக்கத்திலேயே ஹைட்ராக்சைடின் மோல்களை எழுதிவிடுவது நான் பரிந்துரைக்கும் வழக்கம். அதன்பின் காரத்தின் மோல்களைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே வராது.

மாணவர்களைக் குழப்பும் இன்னோர் இடம் கரைதிறன் பெருக்கம். போட்டித் தேர்வுகளில் இப்படி ஒரு வினா வரும்: பேரியம் ஹைட்ராக்சைடின் தெவிட்டிய கரைசலின் pH 12 என்றால் அதன் கரைதிறன் பெருக்கம் என்ன? [OH⁻] 0.01, ஆகவே [Ba²⁺] 0.005. கரைதிறன் பெருக்கம் = [Ba²⁺][OH⁻]² = 0.005 × (0.01)² = 5 × 10⁻⁷. இங்கே இரண்டு என்ற எண் இரு வேடங்களில் வருகிறது. பேரியத்தின் செறிவு ஹைட்ராக்சைடில் பாதி என்பது ஒன்று, சமநிலைக் கோவையில் ஹைட்ராக்சைடு வர்க்கமாக வருவது மற்றொன்று. இரண்டும் சமன்பாட்டிலுள்ள அதே 2 OH⁻ என்பதிலிருந்து பிறந்தவை என்றாலும் வேலைகள் வேறு, அதனால் இரண்டையும் செய்தாக வேண்டும். ஹைட்ராக்சைடின் செறிவே 0.01 என்று தெரிந்துவிட்டபின் அதை மறுபடி இரண்டால் பெருக்கி 0.02 ஆக்கி வர்க்கப்படுத்துவதுதான் வழக்கமான தவறு.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும்: இந்த வினாவின் எண்கள் கணிதத்துக்காகப் புனைந்தவை. பேரியம் ஹைட்ராக்சைடு நீரில் நன்றாகவே கரையும். 20 °C-இல் 100 மி.லி. நீரில் நீரற்ற சேர்மக் கணக்கில் ஏறத்தாழ 3.9 கிராம் கரைவதால், தெவிட்டிய கரைசலின் செறிவு 0.2 மோலாரைத் தாண்டும், pH 13-க்கு மேல் போய்விடும். தெவிட்டிய நிலையில் pH ஏறக்குறைய 12.4 காட்டுவது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம் சுண்ணாம்பு நீர். அதுவும் இரண்டு ஹைட்ராக்சைடு தரும் வலிமைமிகு காரம்தான், ஆனால் லிட்டருக்கு ஏறத்தாழ 0.02 மோலுக்கு மேல் கரையாது. ஆகவே 0.1 மோலார் கால்சியம் ஹைட்ராக்சைடின் pH என்ன என்று யாராவது கேட்டால் 13.30 என்று எழுதுமுன் யோசிக்க வேண்டும். அப்படி ஒரு கரைசல் இல்லை, மிச்சமெல்லாம் அடியில் வெள்ளைப் பொடியாகத் தங்கியிருக்கும். இரண்டால் பெருக்க வேண்டியது கரைந்த பகுதியை மட்டுமே. பேரியம் ஹைட்ராக்சைடுடன் இந்தத் தொல்லை சாதாரணச் செறிவுகளில் இல்லை என்பதே பாடநூல்கள் அதை எடுத்துக்காட்டாக விரும்பக் காரணம் என்று நினைக்கிறேன்.

செறிவின் மறுமுனையிலும் ஓர் எல்லை இருக்கிறது. 1 × 10⁻⁸ மோலார் பேரியம் ஹைட்ராக்சைடுக்கு வழக்கம்போல் இரண்டால் பெருக்கி, 2 × 10⁻⁸-இன் மடக்கை எடுத்தால் pOH 7.70, pH 6.30. நீரில் காரத்தைச் சேர்த்ததால் அது அமிலமானது என்று இந்த விடை சொல்கிறது, அது நடக்காத செயல். இங்கே விடுபட்டது நீர் தானாகத் தரும் ஹைட்ராக்சைடு. தூய நீரிலேயே 25 °C-இல் 1 × 10⁻⁷ மோல்/லிட்டர் ஹைட்ராக்சைடு இருக்கிறது, நாம் சேர்த்தது அதைவிடக் குறைவு. இரண்டையும் நேரடியாகக் கூட்டி 1.2 × 10⁻⁷ என்று எழுதுவதும் முழுச் சரியன்று. ஏனென்றால் காரம் வந்தவுடன் நீரின் அயனியாதல் சற்றே பின்வாங்கும். மொத்த ஹைட்ராக்சைடை x என்று வைத்தால், அதில் காரம் தந்தது 2 × 10⁻⁸, மீதி நீர் தந்தது. நீர் தந்த ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் அயனியும் சம அளவு என்பதால்,

x (x − 2 × 10⁻⁸) = 1 × 10⁻¹⁴

இந்த இருபடிச் சமன்பாட்டின் நேர்மூலம் x = 1.105 × 10⁻⁷. pOH 6.96, pH 7.04. நடுநிலையிலிருந்து மிகச் சிறிதளவே மேலே இருக்கிறது, அதுதான் இயல்பு. காரம் தரும் ஹைட்ராக்சைடு 10⁻⁶ மோல்/லிட்டருக்கு மேல் இருந்தால் நீரின் பங்கைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் pH இரண்டாம் பதின்ம இடத்தில்கூட மாறாது, ஆகவே அங்கே இந்தச் சிரமம் வேண்டாம்.

கடைசியாக, இவ்வளவு கவனமாகக் கணக்கிட்டு 12.30 என்று எழுதிய பின் ஆய்வகத்தில் pH மீட்டரை அமிழ்த்தினால் அது 12.30 காட்டுமா? பெரும்பாலும் காட்டாது, அதற்குக் கணக்கின் ‘இரண்டு’ காரணமன்று. முதலாவதாக, மீட்டர் உணர்வது செறிவை அன்று, அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் சற்றே குறைந்து தெரியும் செயல்திறனை. இரட்டை மின்சுமை கொண்ட பேரியம் அயனி உள்ள 0.01 மோலார் கரைசலில் இந்தக் குறைவு ஏறத்தாழ 15 விழுக்காடு, அதனால் மட்டுமே pH 12.23 அளவுக்கு இறங்கும். இரண்டாவதாக, 14.00 என்ற எண் 25 °C-க்கு உரியது. 30 °C-இல் அது 13.83, ஆகவே குளிர்சாதனம் இல்லாத அறையில் அதே ஹைட்ராக்சைடு செறிவுக்கு pH மேலும் 0.17 குறைவாக இருக்கும். தேர்வுத்தாளில் இவை இரண்டும் கேட்கப்படுவதில்லை.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியக்கூடியது. திறந்து வைத்த பேரியம் ஹைட்ராக்சைடு கரைசல் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி, பேரியம் கார்பனேட்டாக வெண்மையாக வீழ்படியும்.

Ba(OH)₂ + CO₂ → BaCO₃ + H₂O

கரைசல் கலங்கியிருந்தாலோ, மேற்பரப்பில் மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்திருந்தாலோ, புட்டியில் எழுதிய செறிவு இனி செல்லாது. ஒவ்வொரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறும் ஒரு பேரியத்தையும் இரண்டு ஹைட்ராக்சைடுகளையும் எடுத்துப் போய்விடுகிறது. மேலே மிஞ்சும் தெளிந்த கரைசலிலும் அந்த விகிதம் மாறாததால், இரண்டால் பெருக்குவது அங்கேயும் செல்லும். பெருக்கப்படும் செறிவுதான் குறைந்திருக்கும்.

எவ்வளவு குறைந்தது என்பதை pH-ஐக் கொண்டு அறிய முயல வேண்டாம். பத்தில் ஒரு பங்கு காரம் போய் 0.009 மோலார் ஆகிவிட்டாலும் கணக்குப்படி pH 12.30-இலிருந்து 12.26-க்குத்தான் இறங்கும், அந்த 0.04 வேறுபாடு மீட்டரின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடக்கூடும். அதைவிட, கரைசலை வடிகட்டி, தெளிந்த பகுதியில் 10 மி.லி. எடுத்து, பினாப்தலீன் இட்டு, 0.02 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கலாம். செறிவு 0.01 மோலாராகவே இருந்தால் 10 மி.லி. அமிலம் செலவாகும். 9 மி.லி.-லேயே இளஞ்சிவப்பு மறைந்துவிட்டால் கரைசலில் 0.18 மில்லிமோல் ஹைட்ராக்சைடுதான் இருந்தது, காரம் 0.09 மில்லிமோல், செறிவு 0.009 மோலார். pH மீட்டர் 0.04 என்று முணுமுணுப்பதைப் பியூரெட் முழு ஒரு மில்லிலிட்டராகக் காட்டிவிடும்.